விரலிடுக்கில் ஒரு கண்

போனில் இயக்குநரின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "அவங்க படத்தைப் பார்த்துட்டாங்க. ஒரு இடத்துல நிறுத்தச் சொன்னாங்க. அது என்ற கண்ணுங்க, அப்படின்னாங்க."

நான் முதலில் நம்பவில்லை. அந்த முகத்தை முழுதாக மாற்றியது நான்தான். கண், புருவம், மூக்கு, வாய், தாடை எல்லாமே வேறொரு பெண்ணுடையவை. எங்களுக்குப் பழக்கமான ஒரு நாடக நடிகை, எழுத்தில் ஒப்புதல் தந்து, இரண்டு நாள் கேமரா முன் உட்கார்ந்து தன் முகத்தைக் கடன் கொடுத்திருந்தார். குரலையும் இன்னொருவர் பேசிப் பதிவு செய்திருந்தார். படத்தில் மிச்சம் இருந்தது அந்த அக்காவின் உடம்பும் கையும் மட்டும்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கொங்குப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் லைனில் வேலை பார்ப்பவர். தன் சூப்பர்வைசர் பற்றி ஆவணப்படத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்தார். முகம் தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. முகத்தைக் கட்டம் கட்டமாகக் கலைத்துவிடலாம், நிழலில் உட்கார வைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் பார்ப்பவர்களுக்கு அவர் குற்றவாளி மாதிரித் தெரிவார் என்று இயக்குநர் நினைத்தார். 2020இல் வந்த 'வெல்கம் டு செச்னியா' படத்தில் டேவிட் ஃபிரான்ஸ் இதற்கு ஒரு வழி காட்டியிருந்தார். செச்னியாவிலிருந்து உயிர் தப்பி ஓடிய தன்பாலீர்ப்பாளர்களின் முகங்களுக்குப் பதிலாக, தன்னார்வலர்கள் கொடுத்த முகங்களை அதில் பொருத்தியிருந்தார்கள். அழுகை அழுகையாகவே தெரிந்தது, ஆள் மட்டும் தெரியவில்லை. அதே போல நாமும் செய்யலாம் என்று இயக்குநர் என்னிடம் வந்தார்.

நான் சாலிகிராமத்தில் ரோட்டோ வேலை பார்ப்பவன். ரோட்டோ என்றால், படத்தில் இருக்கும் ஓர் ஆளையோ பொருளையோ பிரேம் பிரேமாகக் கோடு வரைந்து பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பது. ஹீரோவின் தலைமுடிக்குப் பின்னால் இருக்கும் பச்சைத் திரையைப் போக்கி மலையை வைக்க வேண்டுமென்றால், அந்த முடியின் ஓரத்தை யாரோ ஒருவர் வரைந்தாக வேண்டும். பெரும்பாலும் அது என்னைப் போன்ற ஒருவர்தான். இந்தப் படத்தில் அக்கா வரும் பகுதி 9 நிமிடம். வினாடிக்கு 25 பிரேம் என்றால் மொத்தம் 13,500. அத்தனையையும் கையால் வரைய முடியாது. அதனால் முகத்தை மாற்றுவதையும் அதற்கான மாஸ்க்கையும் நிரலிடம் விட்டு, தப்பிப்போகும் இடங்களில் மட்டும் நான் இறங்குவது என்று ஏற்பாடு.

முகமாற்றில் கடைசிக் கட்டம்தான் இந்தக் கதைக்கு வேண்டியது. நிரல் முதலில் முகத்தைக் கண்டுபிடிக்கிறது. கண், மூக்கு, உதடு, தாடை ஓரங்களில் புள்ளிகள் வைக்கிறது. புள்ளிகளை வைத்து முகத்தை நேராகத் திருப்பிச் சதுரமாக வெட்டுகிறது. அந்தச் சதுரத்தில், அதே பார்வையும் அதே வாயசைவும் கொண்ட நடிகையின் முகத்தை நியூரல் நெட்வொர்க் வரைகிறது. பிறகு அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் பழைய படத்தின் மேல் ஒட்ட வேண்டும். எங்கே ஒட்டுவது, எங்கே விடுவது என்று சொல்வதுதான் மாஸ்க். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண். 1 என்றால் புதிய முகம். 0 என்றால் பழைய படம் அப்படியே. நடுவில் இருந்தால் இரண்டும் கலந்தது.

```
out = m * swap + (1 - m) * plate
```

இவ்வளவுதான் கணக்கு. `plate` என்பது கேமராவில் எடுத்த அசல் பிரேம். இந்த வரியை நூறு தடவை பார்த்திருப்பேன். `m` பூஜ்யமாகும் இடத்தில் அசல் பிரேம் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அசல் பிரேமில் என்ன இருக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

முதல் சிக்கல் மைக்கில் வந்தது. தொழிலாளர் பெண்கள் கூட்டம் ஒன்றில் அக்கா கையில் மைக்கைப் பிடித்துப் பேசுகிறார். கறுப்புப் பஞ்சு உறை போட்ட மைக். பழக்கமில்லாதவர்கள் பிடிப்பது போல வாயோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார். கீழுதடும் முகவாயும் மறைந்துவிட்டன. முதல் சோதனையில், மைக்கின் மேல்பாதியை யாரோ கடித்துத் தின்ற மாதிரி இருந்தது. கறுப்புப் பஞ்சின் மேலே பளிச்சென்று ஒரு கீழுதடு அசைந்துகொண்டிருந்தது.

காரணம் எளிது. முகப்புள்ளிகளை வைக்கும் மாடலுக்கு மறைந்த முகவாய் ஒரு தடையே அல்ல. தெரிகிற கண்ணையும் மூக்கையும் வைத்து முகவாய் எங்கே இருக்கும் என்று ஊகித்து அங்கே புள்ளி வைத்துவிடும். வெளிப்புள்ளிகளை இணைத்து அதையே மாஸ்க்காக வைத்தால், அந்த எல்லைக்குள் மைக்கும் வந்துவிடுகிறது. எது முன்னால், எது பின்னால் என்ற அறிவு அந்த நிரலுக்கு இல்லை. அதற்கு முகம்தான் எப்போதும் முன்னால்.

அடுத்து, முகத்தைப் பாகம் பாகமாகப் பிரித்துச் சொல்லும் மாடல் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தோல், புருவம், கண், மூக்கு, உதடு, முடி, கண்ணாடி, தோடு, துணி என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் பெயர் சொல்லும் வகை. இவற்றில் பல CelebAMask-HQ என்ற தொகுப்பில் பயின்றவை. பிரபலங்களின் 30,000 படங்கள், 19 பெயர்கள். மைக்குக்கு அது சரியாகவே வேலை செய்தது. மைக் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், கறுப்புப் பஞ்சு தோல் மாதிரி இல்லாததால் வேறு எதையோ சொல்லி ஒதுக்கிவிட்டது. மைக் முழுசாகத் திரும்பி வந்தது. நான் சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், மைக்கைப் பிடித்திருந்த விரல்களைக் காணோம். அந்த 19 பெயர்களில் கை இல்லை. விரலைப் பார்த்த மாடல் அதைத் தோல் என்று சொன்னது. அது பொய்யும் இல்லை. விரலும் தோல்தான், அதே ஆளின் தோல், அதே நிறம், அதே வெளிச்சம். முகவாயின் மேல் இருந்த இரண்டு விரல்களும் அழிந்து, மைக் அந்தரத்தில் நின்றது.

இங்கேதான் மறைப்பை உணரும் மாஸ்க் தேவைப்படுகிறது. இது முகத்தின் பாகங்களுக்குப் பெயர் சொல்வதில்லை. ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த பிக்சலில் முகம் தெரிகிறதா, இல்லை முகத்துக்கு முன்னால் வேறு ஏதாவது நிற்கிறதா? DeepFaceLab என்ற நிரலில் இருக்கும் XSeg இந்த வகை. அதில் நமக்கு வேண்டியதை நாமே கற்றுக்கொடுக்கலாம். சில பிரேம்களில் முகத்தைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். முன்னால் நிற்கும் கை, மைக், தட்டு ஆகியவற்றைச் சுற்றி இன்னொரு கோடு வரைந்து, இதை விட்டுவிடு என்று சொல்ல வேண்டும். அதைப் பார்த்து மாடல் பயின்று மற்ற பிரேம்களுக்குத் தானே போடும். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ரோட்டோக்காரனின் கோட்டுக்கு மரியாதை தரும் மாடல் என்று எங்கள் சீனியர் அண்ணனிடம் சொன்னேன். "சம்பளம் ஏத்தித் தருமான்னு கேளு" என்றார்.

முதல் சுற்றில் 60 பிரேம்களுக்கு வரைந்தேன். எடுத்த எடுப்பில் செய்கிற தவறையும் செய்தேன். வரிசையாக வந்த பிரேம்களை எடுத்துவிட்டேன். அடுத்தடுத்த பிரேம்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் மாடலுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பிறகு கை நுழையும் முதல் பிரேம், நடுவில் ஒன்று, விலகும் கடைசி பிரேம் என்று பொறுக்கி வரைந்தேன். பயிற்சி ஓடியபின் எல்லா பிரேம்களின் மாஸ்க்கையும் வேகமாக ஓட்டிப் பார்ப்பேன். எங்கே மாஸ்க் துடிக்கிறதோ அந்த பிரேமை மட்டும் திரும்ப வரைந்து சேர்ப்பேன். மூன்று சுற்றில் மைக்கும் விரலும் அசையாமல் நின்றன.

இன்னொன்றையும் அப்போதுதான் கற்றேன். அக்காவின் பிரேம்களுக்கு மட்டும் மாஸ்க் போட்டால் போதாது, முகம் கொடுத்த நடிகையின் படங்களுக்கும் போட வேண்டும். அவர் பேசும்போது முடியை ஒதுக்குவார், கன்னத்தில் கை வைப்பார். அந்தக் கையை ஒதுக்காவிட்டால் நெட்வொர்க் அதையும் முகத்தின் பாகமாகக் கற்றுக்கொள்ளும். பிறகு அக்காவின் கன்னத்தில் யாருடையதும் அல்லாத ஒரு மங்கலான விரல் நிழல் வந்து போகும். எனக்கு வந்தது. இரவு இரண்டு மணிக்கு அதைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காட்சி சோறு. அக்கா வீட்டில் தரையில் உட்கார்ந்து, ரசம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டபடி பேசுகிறார். ஷிப்ட் முடிந்து வந்த பசி. இயக்குநருக்கு அந்தக் காட்சி உயிர். "சாப்பிட்டுக்கிட்டே இதைச் சொல்றாங்க பாருங்க, அதுதான் படமே" என்பார்.

மைக் முகத்துக்கு முன்னால் நிற்கும். ஆனால் சோறு முகத்துக்குள் போகும். இந்த வித்தியாசம் எளிதாகத் தெரியலாம், கோடு வரைய உட்கார்ந்தால்தான் அதன் கஷ்டம் புரியும். விரல்கள் உதட்டைத் தொடும்போது அவை முன்னால் இருக்கின்றன. கட்டைவிரல் சோற்றைத் தள்ளும்போது அதன் நுனி உதட்டுக்கு உள்ளே. அப்போது கீழுதடு விரலுக்கு முன்னால் வருகிறது, மேலுதடு பின்னால் போகிறது. ஒரே விரல் ஒரே பிரேமில் முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. மாஸ்க்குக்கோ தெரியும், மறையும் என்ற இரண்டு பதில்தான் உண்டு.

நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். உதடு எப்போதும் முகம். உதட்டுக் கோட்டுக்கு வெளியே தெரியும் விரலும் சோறும் முகமல்ல. திறந்த வாய்க்குள் சோறு தெரிந்தால் அதுவும் முகமல்ல. கடைசி விதிக்குக் காரணம் உண்டு. வாய்க்குள் இருப்பதை முகம் என்று விட்டால் நெட்வொர்க் தனக்குத் தெரிந்ததை அங்கே வரையும். அதற்குத் தெரிந்தது நடிகையின் பல்லும் நாக்கும். கை சோற்றோடு வாய்வரை வரும், வாய் திறக்கும், உள்ளே சுத்தமான வெள்ளைப் பல் வரிசை தெரியும், கை வெறுமையாகக் கீழே போகும். சோறு காற்றில் கரைந்துவிடும். சாப்பிடுவது போல நடிக்கும் ஒருவர் கிடைப்பார், பசியோடு சாப்பிடுபவர் கிடைக்கமாட்டார்.

இதற்கும் ஓர் எல்லை இருந்தது. உதட்டோரம் ஒட்டிய ஒரு பருக்கை. அது வெட்டிய சதுரத்தில் மூன்று நான்கு பிக்சல். மாஸ்க் ஒரு பிரேமில் அதைப் பிடிக்கும், அடுத்ததில் விடும். பருக்கை கண் சிமிட்டியது. மாஸ்க்கை முன்னும் பின்னும் உள்ள பிரேம்களோடு சேர்த்து நடு மதிப்பை எடுத்தால் துடிப்பு அடங்கும். ஆனால் வேகமாக வரும் கைக்கு அதே வைத்தியம் விஷம். ஓர் இடத்தை ஒரே பிரேமில் கடந்துபோகும் கையின் மாஸ்க் அங்கே அழிந்துவிடும். கடைசியில், கை தட்டில் இருக்கும் நேரங்களில் மட்டும் அதைப் போட்டேன். சில இடங்களில் பருக்கையைக் கையால் வரைந்தேன். ஒரு சோற்றுப் பருக்கைக்காக அரை நாள் சம்பளம் வாங்கியவன் நான்.

மூன்றாவது காட்சிதான் அந்தக் கண்.

பேச்சு ஓர் இடத்துக்கு வந்ததும் அக்கா நிறுத்திவிடுகிறார். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, கேமரா இன்னும் ஓடுகிறதா என்று விரல்களுக்கு இடையே எட்டிப் பார்க்கிறார். குழந்தைகள் பார்ப்பது மாதிரி. 11 பிரேம். அரை வினாடிக்கும் குறைவு. அதன் பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறார், மேலே சொல்கிறார்.

XSeg அந்த இடத்தில் தப்பு செய்யவில்லை. மாஸ்க்கைத் திறந்து பார்த்தபோது விரல்கள் கறுப்பாக, இடுக்கு வெள்ளையாக, நான் வரைந்ததைப் போலவே சுத்தமாக இருந்தது. தப்பு அதற்கு அடுத்த படியில், நானே எழுதிய ஸ்கிரிப்டில். மாஸ்க்கின் ஓரம் கத்தியால் வெட்டினது மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காக அதைக் கொஞ்சம் மங்கலாக்குவோம். அதற்காக, பொதுவில் கிடைக்கும் நிரல்களில் பார்த்துப் பழகிய இரண்டு வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன்.

```python
m = cv2.GaussianBlur(m.clip(0, 1), (0, 0), 5)
m = (m.clip(0.5, 1) - 0.5) * 2
```

முதல் வரி 256 பிக்சல் மாஸ்க்கை 5 என்ற அளவில் மங்கலாக்குகிறது. இரண்டாவது வரி, 0.5க்குக் கீழே இருப்பதை எல்லாம் பூஜ்யமாக்கி, மிச்சத்தை 0 முதல் 1 வரை இழுத்துப் பரப்புகிறது. இதன் நோக்கம் நல்லதுதான். மங்கல் விரலின் மேல் ஏறாது, முகத்தின் பக்கமே நிற்கும். விரல் முழுசாக, அழகாகத் தெரியும். அதற்கு விலையாக விரலை ஒட்டி முகத்தில் ஒரு மெல்லிய பட்டை அசல் பிரேமாகவே இருக்கும். கன்னத்தில் ஒரு விரல் என்றால் அந்தப் பட்டையை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

ஆனால் இரண்டு விரல்களுக்கு நடுவே என்றால்? இடதுபக்க விரலின் பட்டையும் வலதுபக்க விரலின் பட்டையும் இடுக்கில் ஒன்றையொன்று தொட்டுவிடும். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இடுக்கு 20 பிக்சல் அகலம் என்றால், மங்கலாக்கியபின் அதன் நடுவில் மாஸ்க் சுமார் 0.95. இரண்டாவது வரிக்குப் பிறகு 0.91. நல்லது, கிட்டத்தட்ட முழுக்க நடிகையின் கண். இடுக்கு 12 பிக்சல் என்றால் நடுவில் 0.77, அடுத்த வரிக்குப் பிறகு 0.54. பாதி நடிகை, பாதி அக்கா. இடுக்கு 6 பிக்சல் என்றால் நடுவிலேயே 0.45தான். அது 0.5க்குக் கீழே. இரண்டாவது வரி அதைப் பூஜ்யமாக்கிவிடும். ஏழு பிக்சலுக்குக் குறைவான எந்த இடுக்கிலும் என் மாஸ்க் முகமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஷாட்டில் அவர் விரலிடுக்கு ஆறு பிக்சல் சுமார். வெட்டிய சதுரத்திலிருந்து திரைக்குப் போகும்போது அது இரண்டரை மடங்காகி 15 பிக்சல். அதில் அவருடைய கருவிழியும், அதன் பக்கத்தில் அவரைத் தெரிந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும் ஒன்றும் இருந்தன. அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன்.

நாங்கள் சோதிக்காமலா விட்டோம்? சோதித்தோம். முடிந்த படத்தின் ஒவ்வொரு பிரேமையும், ஆளை அடையாளம் காணும் ஒரு நிரலிடம் கொடுத்து, அக்காவின் அசல் முகத்தோடு ஒப்பிட வைத்தோம். 13,500 பிரேமிலும் ஒன்றுகூட அவரை ஒத்திருக்கவில்லை என்று அது சொன்னது. பிறகு அந்தப் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த 11 பிரேம்களுக்கு நேராக ஒப்பீட்டு எண்ணே இல்லை. முகம் பொத்தியிருந்ததால் நிரலால் அங்கே முகத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் கிடைக்காததை, முகம் பொருந்தவில்லை என்று என் ஸ்கிரிப்ட் கணக்கில் சேர்த்துக்கொண்டது. எந்த இடத்தில் மறைப்பு இருக்கிறதோ, அந்த இடத்தில் எங்கள் சோதனைக்குக் கண் இல்லை. நிரல் தேடியது ஒரு முழு முகத்தை. அக்காவுக்கு ஒரு கண் போதுமாக இருந்தது. அது அவருடைய கண் ஆயிற்றே.

அவரோடு லைனில் உட்காருபவர்களுக்கும் போதுமாக இருந்திருக்கும். அந்த சூப்பர்வைசருக்கும்.

இதற்குப் பிறகு மாஸ்க் பற்றி நான் யோசிப்பதே மாறிவிட்டது. சினிமாவில் மாஸ்க் தவறினால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே இரண்டு விதமான தவறு இருக்கிறது. முகம் விரலின் மேல் ஏறினால் அசிங்கம். விரலின் பெயரைச் சொல்லி அசல் முகம் வெளியே வந்தால் ஆபத்து. நான் நகலெடுத்த அந்த வரி, அசிங்கத்துக்குப் பயந்து ஆபத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. அழகுக்காக எழுதப்பட்ட வரி அது. நான்தான் அதைப் பாதுகாப்புக்குப் போட்டேன்.

முதலில் அந்தச் சாய்வைத் திருப்பினேன். மங்கலை 5இலிருந்து 1.5 ஆகக் குறைத்து, 0.5க்கு மேல் இருப்பதை எல்லாம் 1 ஆக்கினேன். இப்போது மங்கல் விரலின் பக்கம் விழும். ஆறு பிக்சல் இடுக்கும் முழுக்க நடிகையின் கண்ணாகிவிடும். விரலோரத்தில் இரண்டு பிக்சல் அளவுக்கு முகத்தின் நிறம் ஏறும். விரல் ஒரு நூல் மெலிந்தது போல இருக்கும். இரண்டு பேருக்கும் தோல்நிறம் நெருக்கம் என்பதால் அது உறுத்தவில்லை. நடிகையைத் தேர்ந்தெடுத்தபோது நிறம் பார்த்தது இதற்காக அல்ல, ஆனாலும் இங்கே உதவியது.

அது போதாது என்று சீனியர் அண்ணன் சொன்னார். "நாளைக்கு மாஸ்க் வேற இடத்துல தப்பு பண்ணுச்சுன்னா? அடியில இன்னும் அவங்க முகம்தானே இருக்கு?" உண்மைதான். அந்த ஒரு வரிக் கணக்கில் `m` எங்கே சறுக்கினாலும் விழுவது அசல் பிரேமின் மேல்தான். அதனால் அசல் பிரேமையே அடியிலிருந்து எடுத்துவிட்டோம். அடியில் அசல் பிரேம்தான், ஆனால் முகம் இருக்கும் பகுதி ஒன்றும் தெரியாத அளவுக்குக் கலைக்கப்பட்டது. அதன் மேல் நடிகையின் முகம். எல்லாவற்றுக்கும் மேலே, கை மட்டும் தனியாக அசலிலிருந்து வெட்டியெடுத்தது.

இதில் முக்கியமானது மூன்றாவது அடுக்கு. முன்பு, முகம் அல்லாதது எல்லாம் முன்னால் வரும். இப்போது, கை என்று உறுதியானது மட்டும் முன்னால் வரும். கேட்க ஒன்று போல இருக்கும் இரண்டும் தவறும்போது எதிரெதிர்த் திசையில் தவறும். முதலாவது தவறினால் அக்காவின் முகம் தெரியும். இரண்டாவது குறைவாகப் பிடித்தால் ஒரு விரல் காணாமல் போகும், அல்லது அந்த இடம் கலங்கலாகத் தெரியும். கையோடு கொஞ்சம் முகத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் மட்டும்தான் ஆபத்து. அந்த இடம் எத்தனை பிரேம் என்று பார்த்தோம். பொத்திய முகம் வரும் ஷாட் முழுக்க 74 பிரேம். அதை மாடலிடம் விடவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் தனிக்கோடு வைத்து நானே வரைந்தேன். நகக்கண்ணுக்குப் பக்கத்தில், கோடு எப்போதும் விரலுக்குள்ளேயே இருக்கும்படி, ஒரு பிக்சல் உள்ளே தள்ளி.

சோதனையையும் மாற்றினோம். முகம் கிடைக்காத பிரேம்கள் இனி தேர்ச்சி அல்ல. அவை தனிப் பட்டியல், ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியவை. அதோடு, முடிந்த பிரேமையும் அசல் பிரேமையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முகத்தின் எல்லைக்குள் எந்த பிக்சல் மாறாமல் இருக்கிறது என்று வெள்ளையாகக் காட்டச் செய்தேன். வெள்ளை விழும் இடமெல்லாம் கையாகவோ மைக்காகவோ சோறாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அவர். பழைய படத்தில் இதை ஓட்டிப் பார்த்தேன். பொத்திய கைகளின் பெரிய வெள்ளைக்குள், விரலுக்கும் விரலுக்கும் இடையே இருக்க வேண்டிய கறுப்புக் கீற்று இல்லவே இல்லை. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

திருத்திய படத்தை அக்கா இயக்குநர் வீட்டில் பார்த்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்போதுதான் அவரை நேரில் பார்த்தேன். மாதக்கணக்கில் பிரேம் பிரேமாகப் பார்த்த முகம், டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் கையைப் பார்த்தேன்.

"நீங்கதானுங்களா அது?" என்றார்.

"ஆமாங்க்கா. மன்னிச்சுக்கங்க. என் தப்புதான்."

"தப்பு நடக்குமுங்க தம்பி. பாத்தமில்ல."

படம் ஓடியது. பொத்திய கை, விரலிடுக்கு, அதில் நடிகையின் கண். அக்கா தலையை முன்னால் நீட்டிப் பார்த்தார். இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். "இது அந்தப் புள்ளையோடது" என்று சொல்லிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. அந்த 74 பிரேமைக் கையால் வரைந்தபோதுதான் அதைக் கவனித்தேன். வலதுகை ஆள்காட்டி விரலில், நகத்தின் குறுக்கே ஒரு தழும்பு. கையைச் சுத்தமாக முன்னால் கொண்டுவரத்தான் இத்தனை பாடும். மாஸ்க் எவ்வளவு சரியாக வேலை செய்கிறதோ அவ்வளவு தெளிவாக அந்தத் தழும்பும் தெரியும். முகத்தை மறைத்துவிட்டுக் கையைக் காட்டிக் கொடுக்கிறோமா என்று இயக்குநரிடம் கேட்டிருந்தேன். நீங்களே கேளுங்கள் என்று சொல்லியிருந்தார்.

"அக்கா, விரல்ல அந்தத் தழும்பு. அதை வெச்சு யாராச்சும் கண்டுபிடிச்சிருவாங்களா? சொன்னீங்கன்னா அழிச்சிடறேன்."

அவர் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஊசி ஏறுனதுங்க. எங்க லைன்ல போய்ப் பாருங்க, பாதிப் பேருக்கு இருக்கும். இதை வெச்சு யாருன்னு சொல்ல முடியாதுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "இருக்கட்டும். அழிச்சுப்போடாதீங்க."

அழிக்கவில்லை.